மேலே இருந்து பார்த்தால் போதுமா? பலூன் முதல் கேமரா விமானம் வரை: எதிரியின் இருப்பிடம் ராணுவத்துக்குத் தெரியவந்த கதை

1915-ம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கம். வடக்கு பிரான்சின் வானத்தில் ஒரு பிரிட்டிஷ் விமானம் பறக்கிறது. மரச் சட்டமும் துணியும் கொண்டு செய்த விமானம். மேலே கூரை கிடையாது. உள்ளே இரண்டு பேர். ஒருவர் ஓட்டுகிறார். இன்னொருவர் விமானத்துக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, கூம்பு வடிவ மரப்பெட்டி ஒன்றை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கீழே குறி பார்க்கிறார்.

அந்தப் பெட்டிதான் கேமரா. உள்ளே ஃபிலிம் ரோல் இல்லை, கண்ணாடித் தகடுகள்தான். முதல் படம் எடுக்க 11 வேலைகளை வரிசையாகச் செய்ய வேண்டும். அடுத்தடுத்த ஒவ்வொரு படத்துக்கும் 10 வேலைகள். குளிரில் விரல்கள் மரத்துப்போயிருக்கும். கீழே இருந்து துப்பாக்கிக் குண்டுகள் வேறு வந்துகொண்டிருக்கும்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த படங்களை வைத்து, சில நாட்களில் ஒரு போர் நடந்தது. எதிரியின் பதுங்குகுழிகளை விமானப் படங்களிலிருந்து வரைந்து, அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் படை நடத்திய முதல் பெரிய தாக்குதல் அது. எதிரி எங்கே இருக்கிறான் என்பது முன்கூட்டியே தெரியும். அப்படியும் மூன்று நாட்களில் தாக்குதல் நின்றுபோனது. ஏன்?

அதைப் புரிந்துகொள்ள, முதலில் பலூன் காலத்துக்குப் போக வேண்டும்.

ஏன் மேலே ஏற வேண்டும்?

சமதரையில் நிற்கும் ஒருவரின் கண்ணுக்கு அடிவானம் 5 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் முடிந்துவிடும். பூமி உருண்டை என்பதால் அதற்கு மேல் தெரியாது. அதே ஆள் 300 மீட்டர் உயரத்துக்குப் போனால், அடிவானம் 60 கிலோமீட்டருக்கு அப்பால் தள்ளிப்போகும். அவ்வளவு தூரத்தில் இருக்கும் படையை அடையாளம் காண முடியாதுதான். ஆனால் ஒரு குன்றுக்கோ தோப்புக்கோ பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க இந்த உயரம் உதவும். போர்க்களத்தில் தளபதிக்குத் தெரியாமல் இருப்பது பெரும்பாலும் அந்தக் குன்றுக்குப் பின்னால் இருப்பதுதான்.

1783-ல் பிரான்சில் மனிதர்கள் முதன்முதலாக பலூனில் பறந்தார்கள். 11 வருடம் கழித்து, 1794-ல், அதே பிரான்ஸ் ராணுவத்துக்காக ஒரு பலூன் படைப்பிரிவையே தொடங்கிவிட்டது. அப்போது பிரான்சில் புரட்சி அரசு. சுற்றியிருந்த நாடுகளோடு போர் நடந்துகொண்டிருந்தது. பிரிவின் தலைவர் கேப்டன் கூத்தெல். பழுக்கக் காய்ச்சிய இரும்பின் மீது நீராவியைச் செலுத்தி ஹைட்ரஜன் தயாரித்தார்கள். பலூனை நிரப்பவே ஒரு நாளுக்கு மேல் ஆகும்.

அதனால் வந்த கூத்து ஒன்று உண்டு. மொபேஜ் என்ற ஊரில் நிரப்பிய பலூன், ஷார்லெருவா பக்கம் தேவைப்பட்டது. காற்றை இறக்கிவிட்டு அங்கே போய் மறுபடி நிரப்ப நேரமில்லை. எனவே ஊதிய பலூனை அப்படியே கயிறு கட்டி, வீரர்கள் பிடித்துக்கொண்டு 40 கிலோமீட்டருக்கும் மேல் நடந்தே இழுத்துப் போனார்கள்.

1794 ஜூன் 26 அன்று, இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஃப்ளூருஸ் என்ற இடத்தில் ஆஸ்திரிய, டச்சுப் படைகளோடு பிரெஞ்சுப் படை மோதியது. கூத்தெல்லும் மோர்லோ என்ற தளபதியும் மணிக்கணக்கில் பலூனிலேயே இருந்தார்கள். எதிரி எந்தப் பக்கம் நகர்கிறான் என்று எழுதி, சின்னப் பையில் போட்டு, கயிறு வழியாகக் கீழே இறக்கினார்கள். பிரான்ஸ் ஜெயித்தது. ஆனால் அந்த வெற்றியில் பலூனுக்கு எவ்வளவு பங்கு என்பதில் ராணுவத்துக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. 1799-ல் அந்தப் பிரிவு கலைக்கப்பட்டது.

பலூனிலிருந்து பார்ப்பதில் பிரச்சினை இல்லை. பார்த்ததை எவ்வளவு சீக்கிரம் கீழே சொல்ல முடியும் என்பதுதான் கேள்வி.

கயிறு போய் தந்தி வந்தது

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் ஒரு பதில் கிடைத்தது. 1861-ல் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது, தாடியஸ் லோ என்பவர் பலூனுக்குள் தந்திக் கருவியை எடுத்துப் போனார். தரையில் கட்டிய கயிற்றோடு தந்திக் கம்பியும் சேர்ந்து இறங்கும். ஜூன் 18 அன்று வாஷிங்டனுக்கு மேலே நின்றுகொண்டு, அதிபர் லிங்கனுக்கே தந்தி அனுப்பிக் காட்டினார்.

அதைவிட முக்கியமான சம்பவம் செப்டம்பர் 24 அன்று நடந்தது. ஃபால்ஸ் சர்ச் என்ற இடத்தில் தென் மாநிலப் படை முகாமிட்டிருந்தது. லோ சுமார் 300 மீட்டர் உயரம் ஏறினார். வட மாநிலப் பீரங்கி வீரர்களுக்கு இலக்கு கண்ணில் படவில்லை. குண்டு இலக்கைத் தாண்டி விழுந்ததா, முன்னால் விழுந்ததா, இடதா, வலதா என்று மேலே இருந்து அவர் சொல்லச் சொல்ல, கீழே இருந்தவர்கள் குறியைத் திருத்தினார்கள். கண்ணுக்குத் தெரியாத எதிரியைப் பீரங்கியால் அடிக்கலாம் என்று அன்று நிரூபணமானது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆனாலும் பலூனுக்கு ஓர் எல்லை இருந்தது. அது கட்டிப்போட்ட இடத்தில்தான் நிற்கும், அதுவும் நம்ம பக்கத்தில். எதிரியை அது சாய்வாகத்தான் பார்க்கும். சாய்வாகப் பார்த்தால் ஒரு தோப்பு, அதற்குப் பின்னால் இருக்கும் அத்தனையையும் மறைத்துவிடும். காற்று பலமாக அடித்தால் ஏற முடியாது. எதிரியின் தலைக்கு நேர் மேலே போய்ப் பார்க்க, தானாக நகரும் ஒன்று வேண்டியிருந்தது.

வழி தவறிய முதல் விமானங்கள்

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் தொடங்கியபோது, பிரிட்டன் சுமார் 60 விமானங்களைப் பிரான்சுக்கு அனுப்பியது. அவை முதலில் தங்கிய இடங்களில் ஒன்று, 120 வருடத்துக்கு முன் கூத்தெல் பலூன் ஏற்றிய அதே மொபேஜ்!

அந்த விமானங்களில் துப்பாக்கி பொருத்தப்படவில்லை. அவற்றுக்கு ஒரே வேலைதான்: போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வது.

ஆகஸ்ட் 19 அன்று முதல் வேவுப் பயணம். ஜுபேர், மேப்பிள்பெக் என்ற இரண்டு விமானிகள் தனித்தனி விமானத்தில் கிளம்பினார்கள். இருவரும் வழி தவறினார்கள். மேப்பிள்பெக் ஒரு பெரிய நகரத்துக்கு மேலே பறந்தார். அது பிரஸ்ஸல்ஸ் என்று அவருக்குத் தெரியவில்லை. ஜுபேர் இரண்டு ஊர்களில் தரையிறங்கி வழி கேட்டுத்தான் திரும்பினார். வரைபடத்தில் இருக்கும் ஊரும் மேலிருந்து பார்க்கும் ஊரும் ஒரே மாதிரி இருக்காது. மேலிருந்து பார்ப்பதற்கும் பழக்கம் வேண்டும் என்பது அன்று புரிந்தது.

மூன்றே நாளில் நிலைமை மாறியது. ஆகஸ்ட் 22 அன்று போன விமானங்கள், பிரஸ்ஸல்ஸிலிருந்து மேற்கு நோக்கிப் போகும் சாலையில் நீண்ட ஜெர்மன் அணி ஒன்று வருவதாகச் சொன்னன. அது பிறகு தென்மேற்கே திரும்புவதாகவும் தகவல் வந்தது. பிரிட்டிஷ் படையின் இடது பக்கத்தைச் சுற்றி வளைக்கப் போகிறார்கள் என்று அதற்கு அர்த்தம். விமானப் படையின் தலைவர் டேவிட் ஹெண்டர்சன் இந்தத் தகவலைத் தானே நேரில் எடுத்துக்கொண்டு தலைமையகத்துக்குப் போனார். திட்டமிட்டிருந்த முன்னேற்றம் நின்றது. மறுநாள் மோன்ஸ் என்ற இடத்தில் படை தற்காப்புக்காக நின்று சண்டையிட்டது, அதன்பின் பின்வாங்கியது. முன்னேறிப் போயிருந்தால் வலைக்குள் நேராகப் போய் மாட்டியிருக்கும்.

அடுத்த பத்து நாட்களில் இன்னும் பெரிய விஷயம் ஒன்று கண்ணில் பட்டது. ஜெர்மனியின் முதலாம் ராணுவம், பாரிஸை நோக்கி வருவதற்குப் பதிலாக, அதற்குக் கிழக்கே தென்கிழக்குப் பக்கமாகத் திரும்பியது. பிரிட்டிஷ் விமானிகளும் பிரெஞ்சு விமானிகளும் இதைப் பார்த்தார்கள். ஒரு ஜெர்மன் அதிகாரியிடமிருந்து கிடைத்த வரைபடமும் அதையே சொன்னது. பாரிஸின் பாதுகாப்புக்குப் பொறுப்பான தளபதி கலியேனி, எதிரியின் விலாப்பக்கம் திறந்து கிடக்கிறது என்று புரிந்துகொண்டார். செப்டம்பர் முதல் வாரம் தொடங்கிய மார்ன் போரில் ஜெர்மானியர்கள் பின்வாங்கினார்கள். பாரிஸ் தப்பியது.

இங்கே கவனிக்க வேண்டியது, விமானம் பார்த்தது நகர்ந்துகொண்டிருந்த படையை. ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தால் சாலையில் புழுதி கிளம்பும், அணிவகுப்பு கிலோமீட்டர் கணக்கில் நீளும். அதைப் பார்க்க வெறும் கண் போதும். தாளில் கிறுக்கி எழுதினாலும் போதும்.

எதிரி மண்ணுக்குள் போனதும் கண் போதவில்லை

செப்டம்பர் நடுவில் எல்லாம் மாறியது. ஜெர்மானியர்கள் எய்ன் ஆற்றங்கரையில் பதுங்குகுழி தோண்டி உட்கார்ந்துவிட்டார்கள். சில வாரங்களில் சுவிட்சர்லாந்து எல்லையிலிருந்து கடல் வரை இரண்டு பக்கமும் பதுங்குகுழிகள்தான். குதிரைப் படை போய் வேவு பார்த்த காலம் முடிந்தது, போக வழியே இல்லை.

இப்போது மேலிருந்து பார்த்தால் நகரும் படை எதுவும் தெரியாது. வளைந்து நெளிந்து, ஒன்றுக்குள் ஒன்று பின்னிய கோடுகள்தான் தெரியும். அதைப் பறந்துகொண்டே பார்த்து, நினைவில் வைத்து, கையால் வரைய முடியாது. இரண்டு பேர் போனால் இரண்டு விதமாக வரைவார்கள்.

1914 செப்டம்பர் 15 அன்று பிரெட்டிமன் என்ற பிரிட்டிஷ் லெப்டினன்ட் எய்ன் பகுதியில் எதிரி இருப்பிடங்களை ஐந்து படங்கள் எடுத்தார். படங்கள் தெளிவாக வரவில்லை. ஆனால் யோசனை பிடிபட்டது. இந்த விஷயத்தில் பிரெஞ்சுப் படை முன்னால் இருந்தது. அவர்கள் வேலை செய்யும் விதத்தைப் பார்த்துவிட்டு, 1915 தொடக்கத்தில் பிரிட்டனும் ஒரு சிறிய புகைப்படக் குழுவை அமைத்தது. மூர்-பிராபசன், கேம்பெல் என்ற இரு அதிகாரிகளும் லாஸ் என்ற சார்ஜென்ட்டும் அதில் முக்கியமானவர்கள். முதலில் சொன்ன கூம்பு வடிவப் பெட்டி இவர்கள் உருவாக்கியதுதான். ‘ஏ டைப்’ கேமரா என்று பெயர். மார்ச் 1 அன்று முதன்முதலில் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன்பு கிடைத்த கைக்கேமராக்களை வைத்துச் சமாளித்தார்கள்.

படம் எப்படி வரைபடமாகிறது?

ஒரு படம் எடுத்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் அளவுக் கணக்கு. கேமரா நேர் கீழே பார்த்தால், லென்ஸின் குவியத் தூரத்தைப் பறக்கும் உயரத்தால் வகுத்தால் படத்தின் அளவு கிடைக்கும். உதாரணத்துக்கு, குவியத் தூரம் 20 சென்டிமீட்டர், உயரம் 1,600 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 8,000-ல் ஒரு பங்கு. அதாவது படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 8 மீட்டர். ஒரு பதுங்குகுழியின் அகலம் படத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட வராது, தோண்டிப்போட்ட மண்ணையும் சேர்த்தால்தான் ஓரளவு கோடாகத் தெரியும். பூதக்கண்ணாடி இல்லாமல் எதுவும் நடக்காது.

ஆனால் கையில் பிடித்த கேமரா எப்போதும் நேர் கீழே பார்க்காது. கொஞ்சம் சாய்ந்தாலும் படத்தின் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் அளவு மாறிவிடும். அதைச் சரிசெய்ய, பழைய வரைபடத்தில் ஏற்கெனவே இருக்கும் இடங்களைப் படத்தில் தேடுவார்கள். சாலைகள் சந்திக்கும் இடம், தேவாலயம், ஒரு வீட்டின் மூலை என்று சில புள்ளிகள் கிடைத்தால் போதும். அவற்றோடு பொருத்தி, இடையில் இருக்கும் பதுங்குகுழிக் கோடுகளை வரைபடத்துக்கு மாற்றுவார்கள்.

அடுத்தது, படத்தைப் படிப்பது. இதில் நிழல்தான் துப்பு. பள்ளமா மேடா என்பதை நிழல் விழும் பக்கத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். ஒரு விசித்திரம் இருக்கிறது. நிழல் நம் பக்கமாக விழும்படி படத்தைத் திருப்பி வைத்துப் பார்க்க வேண்டும். தலைகீழாக வைத்தால் மூளை ஏமாந்து, பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் தெரியும். நிலவின் பள்ளங்களை எடுத்த படங்களைப் போனில் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், இது உடனே புரியும்.

இன்னொரு துப்பு, நடைபாதை. ஆட்கள் தினமும் நடந்தால் புல் மடங்கி, மண் தேய்ந்து, வெளிறிய கோடு விழும். ஒரு பாதை வயலுக்கு நடுவே வந்து சும்மா நின்றுபோனால், அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். பீரங்கியாக இருக்கலாம், ஆட்கள் தங்கும் குழியாக இருக்கலாம். பீரங்கியை மரக்கிளை வைத்து மறைத்துவிடலாம். அதற்குச் சோறு கொண்டுபோகிறவரின் கால்தடத்தை மறைப்பது கஷ்டம்.

நெவ் ஷாப்பெல்: வரைபடம் இருந்தது, பிறகு?

இனி அந்தப் போருக்கு வருவோம். வடக்கு பிரான்சில் நெவ் ஷாப்பெல் என்ற கிராமம் ஜெர்மானியர் கையில் இருந்தது. அதைப் பிடித்து, அதற்குப் பின்னால் இருக்கும் மேட்டுப் பகுதிக்குப் போவதுதான் பிரிட்டிஷ் தளபதி டக்ளஸ் ஹெய்கின் திட்டம். தாக்கப் போன படையில் கிட்டத்தட்ட பாதிப் பேர் இந்திய வீரர்கள். கர்வாலிகள், கூர்க்காக்கள், சீக்கியர்கள் உள்ளிட்டோர் இந்தியப் படைப்பிரிவில் இருந்தார்கள்.

தாக்குதலுக்கு முந்தைய வாரங்களில் விமானங்கள் இந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படமெடுத்தன. எதிரியின் முன்வரிசையிலிருந்து உள்ளே 600 மீட்டர் முதல் 1,300 மீட்டர் ஆழம் வரை இருந்த பதுங்குகுழிகள் படத்தில் வந்தன. அவற்றை 8,000-ல் ஒரு பங்கு அளவு வரைபடத்தில் வரைந்து, ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் சுமார் 1,500 பிரதிகள் கொடுத்தார்கள். எந்தப் பீரங்கி எந்தக் குழியை எத்தனை மணிக்கு அடிக்க வேண்டும் என்று நேர அட்டவணை போட முடிந்தது இந்த வரைபடத்தால்தான்.

மார்ச் 10, காலை 7.30. முன்னூறுக்கும் மேற்பட்ட பீரங்கிகள் 35 நிமிடம் தொடர்ந்து சுட்டன. 8.05-க்கு காலாட்படை எழுந்து ஓடியது. நடுப்பகுதியில் முள்கம்பி வேலி துண்டுதுண்டாகக் கிடந்தது, ஜெர்மன் முன்வரிசை நொறுங்கியிருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் கிராமம் கைக்கு வந்துவிட்டது. பதுங்குகுழிப் போர் தொடங்கிய பிறகு பிரிட்டன் ஜெர்மன் வரிசையை இப்படி உடைத்தது இதுதான் முதல் தடவை. படம் தன் வேலையைச் செய்துவிட்டது.

ஆனால் இரண்டு ஓரங்களிலும் கதை வேறு. அங்கிருந்துதான் படத்தின் எல்லை எது என்று தெரிகிறது.

வட ஓரம்: இலக்கு தெரிந்தது, குறி சரியில்லை. அங்கே சுமார் 400 மீட்டர் நீளத்துக்குப் பதுங்குகுழியை அடிக்க வேண்டிய ஹவிட்சர் பீரங்கிகள், தாக்குதலுக்கு முந்தின நாள்தான் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தன. குழி எங்கே இருக்கிறது என்று வரைபடம் சொன்னது. ஆனால் பீரங்கியைச் சரியாகக் குறிவைக்க, முன்கூட்டியே சில குண்டுகளைச் சுட்டு, எங்கே விழுகிறது என்று பார்த்துத் திருத்த வேண்டும். ஃபால்ஸ் சர்ச்சில் லோ செய்தது நினைவிருக்கிறதா? அதைச் செய்ய இங்கே நேரமில்லை. குண்டுகள் குழியில் விழவில்லை. வேலி அறுபடாமல் நின்றது, ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கிகளும் அப்படியே இருந்தன. அந்த வேலியை நோக்கி ஓடிய மிடில்செக்ஸ், ஸ்காட்டிஷ் ரைஃபிள்ஸ் பட்டாலியன்கள் பெரும் இழப்பைச் சந்தித்தன. ஸ்காட்டிஷ் ரைஃபிள்ஸில் அதிகாரிகள் ஏறக்குறைய அனைவரும் விழுந்துவிட, போர் முடிந்தபோது மிச்சமிருந்தவர்களை வழிநடத்தியது ஒரு இளம் செகண்ட் லெப்டினன்ட்.

தென் ஓரம்: வரைபடம் சரி, திசை தவறியது. இங்கே கர்வால் ரைஃபிள்ஸின் ஒரு பட்டாலியன் நேராகப் போவதற்குப் பதிலாக வலப்பக்கம் விலகிவிட்டது. விலகிப்போன இடத்தில் இருந்த குழி, பீரங்கித் தாக்குதல் பட்டியலிலேயே இல்லாதது. எனவே எதிரி சேதமில்லாமல் காத்திருந்தான். வரைபடம் மேலிருந்து பார்த்தது. ஓடியவர்களோ தரையில், புகைக்கு நடுவில், கண்மட்டத்தில் பார்த்தார்கள். மேப்பிள்பெக்குக்கு பிரஸ்ஸல்ஸ் தெரியாமல் போனதற்கு நேர் எதிரான பிரச்சினை இது.

பார்த்தது பழசானபோது

இவை ஓரங்களில் நடந்தவை. நடுவில்தான் வழி திறந்துவிட்டதே, பிறகு ஏன் முன்னேறவில்லை?

தொலைபேசிக் கம்பிகளைக் குண்டுகள் அறுத்துவிட்டன. முன்வரிசையில் என்ன நடக்கிறது என்று பின்னால் இருந்த தளபதிகளுக்குத் தெரிய மணிக்கணக்கில் ஆனது. ஓடி வந்து சொல்லும் தூதர்கள்தான் கதி. ஓரங்கள் சரியாகட்டும் என்று காத்திருந்ததில் பல மணி நேரம் போனது. மறுபடி முன்னேறச் சொன்ன உத்தரவு செயலுக்கு வந்தபோது மாலை 5.30 மணி ஆகிவிட்டது. அதற்குள் இருட்டத் தொடங்கியது. கிராமத்துக்குப் பின்னால் ஜெர்மானியர்கள் இயந்திரத் துப்பாக்கிகளோடு நின்ற இடங்களும், பியே காடு என்ற தோப்பும் அவர்கள் கையிலேயே இருந்தன.

அன்று இரவு ஜெர்மானியர்கள் செய்த காரியம்தான் போரின் திருப்பம். புதிதாக ஒரு பதுங்குகுழி வரிசையைத் தோண்டிவிட்டார்கள்.

பிரிட்டிஷ் அதிகாரிகள் கையில் இருந்த 1,500 பிரதிகளில் ஒன்றில்கூட அந்த வரிசை இல்லை. இருக்கவும் முடியாது, படமெடுத்த அன்று அது வெறும் வயல். மார்ச் 11 காலையில் மேலே போய்ப் பார்த்திருக்கலாம்தான். ஆனால் அன்று மூடுபனி. விமானங்களால் புதிய வரிசையைச் சரியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை, பீரங்கிகளுக்குத் திருத்தமும் சொல்ல முடியவில்லை. குண்டுகள் தவறான இடத்தில் விழுந்தன. காலாட்படை அடிபடாத குழியை நோக்கி ஓடியது. மார்ச் 12 அன்று ஜெர்மானியர்கள் பதில் தாக்குதல் நடத்தினார்கள், அது முறியடிக்கப்பட்டது. ஆனால் அதற்கு மேல் போக வலு இல்லாமல் ஹெய்க் தாக்குதலை நிறுத்தினார்.

கிடைத்தது, ஒரு கிராமமும் சுமார் 2 கிலோமீட்டர் அகலம், 1 கிலோமீட்டர் ஆழம் கொண்ட நிலமும். அதற்காக பிரிட்டிஷ், இந்தியப் படைகளில் இறந்தவர்களும் காயமடைந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து 11,000-க்கும் மேல். அதில் 4,000-க்கும் அதிகமானோர் இந்தியப் படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள். இன்று அதே ஊரில் இந்திய வீரர்களுக்கான நினைவிடம் ஒன்று இருக்கிறது. மேற்குப் போர்முனையில் இறந்து, கல்லறை எங்கே என்று தெரியாத 4,700-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன.

அதன்பிறகு என்ன மாறியது?

நெவ் ஷாப்பெல்லில் இருந்து இரண்டு தரப்புமே பாடம் படித்தன. பிரிட்டன் படம் எடுக்கும் வேகத்தைக் கூட்டியது. சில மாதங்களில் கேமராவை விமானத்தின் பக்கவாட்டிலேயே பொருத்தினார்கள். தகடு மாற்றும் வேலையைப் பாதி இயந்திரமே செய்தது, மரத்த விரல்களுக்கு வேலை குறைந்தது. ஒரு முறை எடுத்தால் போதாது, அதே இடத்தைத் தொடர்ந்து எடுத்து, நேற்றைய படத்தோடு இன்றைய படத்தை ஒப்பிட வேண்டும் என்பது வழக்கமானது. புதிதாகத் தெரியும் ஒரு கோடுதான் பழைய நூறு கோடுகளைவிட முக்கியம்.

மறுபக்கம், மேலே இருக்கும் கண்ணை ஏமாற்றுவதும் ஒரு வேலையானது. 1915-லேயே பிரெஞ்சு ராணுவம் ஓவியர்களைச் சேர்த்து, பீரங்கிகளை மறைக்கத் தனிப் பிரிவு தொடங்கியது. வண்ணம் பூசிய துணி, வலை, போலிப் பீரங்கி என்று அது வளர்ந்தது.

ஏமாற்ற முடியாதபோது, கண்ணையே குருடாக்கப் பார்த்தார்கள். கேமரா விமானம் திரும்பிப் போகாவிட்டால் படமும் போகாது அல்லவா? 1915 கோடையில், முன்னோக்கிச் சுடும் இயந்திரத் துப்பாக்கியோடு ஜெர்மனியின் ஃபோக்கர் விமானங்கள் வந்தன. நாம் சினிமாவில் பார்க்கும் விமானச் சண்டைக்குத் தொடக்கம் இதுதான். அந்த விமானிகளின் பெயர்கள் பிரபலமாகின. அவர்கள் யாரைத் துரத்தினார்கள் அல்லது யாரைக் காப்பாற்றினார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் மெதுவாகப் பறந்த ஒரு கேமரா விமானம்தான்.

இப்போது ஒரு போர்ச் செய்தி வந்தால், சில மணி நேரத்தில் செயற்கைக்கோள் படம் நம் போனுக்கே வந்துவிடுகிறது. அந்தப் படத்தைப் பார்க்கும்போது மூலையில் இருக்கும் தேதியையும் நேரத்தையும் ஒருமுறை பாருங்கள். 1915 மார்ச் 11 காலையில் நெவ் ஷாப்பெல்லில் நின்றவர்கள் கையில் இருந்ததும் நல்ல வரைபடம்தான். ஒரு ராத்திரி பழசு, அவ்வளவுதான்.